மாதம் நாற்பதாயிரம் என்று சொல்லும் சேல்ஸ் வேலையில் கையில் எவ்வளவு வரும்?

வீட்டுக்கடன் கம்பெனிகளில் சேல்ஸ் ஆபீசர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது வாயால் சொல்கிற சம்பளம் ஒன்று இருக்கும். ஆஃபர் லெட்டரில் இருப்பது இன்னொன்று. வங்கிக் கணக்கில் விழுவது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் இடையில் ஏன் இவ்வளவு தூரம் என்பதற்கான பதில், பெரும்பாலும் ஆஃபர் லெட்டரோடு தராத ஒரு தாளில் இருக்கிறது. இன்சென்டிவ் பாலிசி என்பார்கள். அதைக் கேட்டு வாங்கி, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று என்னிடம் யோசனை கேட்கிற எல்லாரிடமும் சொல்வேன். நானும் அந்தத் துறையில் ஆபீசராக அலைந்து, பிறகு கிளை மேலாளராக அதே தாளை மற்றவர்களுக்கு விளக்கிச் சொன்னவன்.

போன மாதம் எங்கள் தெருப் பையன் ஒருவன் மதுரையில் அப்படியொரு வேலைக்கான கடிதத்தோடு வந்தான். "அண்ணே, மாசம் நாப்பதாயிரம்னு சொல்றாங்க. ஃபிக்ஸட் மூணு லட்சம், வேரியபிள் ஒன்னு எண்பது. போகலாமாண்ணே?" என்றான். அவன் கடிதத்தையே எடுத்துக்கொள்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். இந்த அமைப்பு பல கம்பெனிகளில் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் இருக்கும்.

முதலில் அந்த மூன்று லட்சம். மாதத்துக்கு 25,000. இது கம்பெனிக்கு ஆகும் செலவு, அவன் கைக்கு வருவது அல்ல. கம்பெனி தன் பங்காகக் கட்டுகிற பி.எஃப். 1,500, கிராஜுவிட்டிக்கென்று காட்டும் 600, குழுக் காப்பீட்டுக்கு 400, எல்லாம் அந்த 25,000-க்குள்தான். மீதி 22,500. அதில் அவன் பங்கு பி.எஃப். 1,500-ம், தொழில் வரியும் போனால் கைக்கு ஏறக்குறைய 20,800 வரும். பி.எஃப். அவன் பணம்தான், வீணாகப் போகவில்லை. ஆனால் வீட்டு வாடகையையும் மளிகைக் கடை பாக்கியையும் இந்த 20,800-ஐ வைத்துத்தான் கொடுக்க வேண்டும். இன்னொன்று பெட்ரோல். திருமங்கலம், மேலூர், ஊமச்சிகுளம் என்று தினமும் சுற்றுகிறவனுக்கு மாதம் 1,500 கிலோமீட்டர் வண்டி ஓடுவது சாதாரணம். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கிற பைக் என்றால் 33 லிட்டர், ஏறக்குறைய மூவாயிரத்து நானூறு ரூபாய் ஆகும். கடிதத்தில் பெட்ரோலுக்கு மாதம் 2,500 என்று உச்சவரம்பு போட்டிருந்தார்கள். மீதி அவன் சட்டைப்பையிலிருந்துதான்.

இனி அந்த ஒன்று எண்பது. மாதத்துக்கு 15,000. இது டார்கெட்டை நூறு சதவீதம் அடித்தால் வருகிற தொகை. கடிதத்தில் அந்த நிபந்தனை சின்ன எழுத்தில்தான் இருந்தது. பாலிசித் தாளை அவன் ஹெச்.ஆரிடம் கேட்டு வாங்கினான். முதலில், "சேர்ந்த பிறகு டிரெய்னிங்கில் சொல்வோம்" என்றார்களாம். விடாமல் கேட்டதும் மெயிலில் அனுப்பினார்கள். அதில் இருந்தது இதுதான்: மாத டார்கெட் 60 லட்சம் டிஸ்பர்ஸ்மென்ட். அதில் 70 சதவீதத்துக்குக் கீழே செய்தால் இன்சென்டிவ் கிடையாது. 70-லிருந்து 100 வரை, செய்த தொகையில் 0.15 சதவீதம். 100-ஐத் தொட்டால் மொத்தத் தொகைக்கும் 0.25 சதவீதம். 130-ஐத் தாண்டினால் 0.35.

பார்த்தவுடன் கண் 0.35-க்குத்தான் போகும். பையனும் அதைத்தான் வட்டம் போட்டு வைத்திருந்தான். நான் அவனை 70-ஐப் பார்க்கச் சொன்னேன். 42 லட்சம் என்பது அங்கே ஒரு வாசற்படி. 41 லட்சத்துக்குக் கடன் கொடுக்க வைத்தவனுக்கு அந்த மாதம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. 42-ஐத் தொட்டவனுக்கு 6,300. மேலே போனால் இன்னொரு படி: 59 லட்சம் செய்தவனுக்கு 8,850, 60 செய்தவனுக்கு 15,000. ஒரே ஒரு லட்சத்தில் 6,150 ரூபாய் வித்தியாசம். மாதக் கடைசி மூன்று நாட்களில் கிளைகளில் நடக்கிற ஓட்டமும், வாடிக்கையாளரை நெருக்குகிற நெருக்கலும் இந்தப் படியிலிருந்துதான் பிறக்கின்றன.

60 லட்சம் என்றால் எத்தனை ஃபைல்? மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் இந்த மாதிரிக் கம்பெனி கொடுக்கிற கடன் சராசரியாகப் பன்னிரண்டு லட்சம் என்று வைப்போம். ஐந்து ஃபைல் முடிய வேண்டும். லாகின் ஆகிற ஃபைல் எல்லாம் முடியாது. வருமானத்தைக் காட்டப் பேப்பர் இல்லாத கடைக்காரர், சிபில் ஸ்கோர் அடிபட்ட ஆள், தாய்ப்பத்திரம் காணாமல் போன வீடு, பட்டா இன்னும் தாத்தா பேரிலேயே இருக்கிற இடம், அங்கீகாரம் வாங்காத மனை, இப்படி ஒவ்வொரு கட்டத்திலும் உதிரும். பத்து லாகினில் நான்கு, ஐந்து தேறினால் நல்ல ஆபீசர் என்பேன். ஆக ஐந்து முடிய பதினொரு லாகின் வேண்டும். பதினொரு லாகின் வர, நிஜமாகவே கடன் தேவைப்படுகிற ஐம்பது பேரையாவது அந்த மாதத்தில் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். இருபத்தைந்து வேலை நாளில் இது முடியாத காரியம் இல்லை. ஆனால் மாதா மாதம் தவறாமல் முடிகிற காரியமும் இல்லை.

மதுரை மாதிரி ஊரில் இன்னொரு சங்கதி. இங்கே கட்டி முடித்த ஃபிளாட் வாங்குகிறவர்களைவிட சொந்த மனையில் வீடு கட்டுகிறவர்கள்தான் இந்தக் கம்பெனிகளுக்கு அதிகம் வருவார்கள். கட்டுமானக் கடனை மொத்தமாகக் கொடுக்க மாட்டார்கள். அஸ்திவாரம் முடிந்ததும் கொஞ்சம், லிண்டல் மட்டத்தில் கொஞ்சம், தளம் போட்டதும் கொஞ்சம், பூச்சு வேலைக்குக் கடைசியாகக் கொஞ்சம் என்று பிரித்துத்தான் வரும். பன்னிரண்டு லட்சம் சாங்ஷன் ஆன ஃபைலில் முதல் மாதம் மூன்றோ நான்கோ லட்சம்தான் வெளியே போகும். அதனால் இன்சென்டிவ் சாங்ஷன் தொகைக்கா, முதல் தவணை வெளியே போனதும் முழுத் தொகைக்குமா, ஒவ்வொரு தவணைக்கும் அது போகிற மாதத்திலா என்று கேட்டே ஆக வேண்டும். பையனின் பாலிசியில் மூன்றாவது முறை. அப்படியென்றால் அவன் இன்று பிடிக்கிற ஃபைலின் பலன் ஆறேழு மாதத்துக்குப் பரவும். நடுவில் அவன் வேலையை விட்டாலோ, வேறு கிளைக்கு மாற்றினாலோ மீதித் தவணைகளின் கணக்கு அவன் இடத்துக்கு வருகிறவனுக்குப் போய்விடும்.

இப்போது ஒரு முழு ஆண்டைப் போட்டுப் பார்ப்போம். ஏப்ரலில் சேருகிறான், சோம்பேறி இல்லை, அதிசயப் பிறவியும் இல்லை, உழைக்கிற சராசரி ஆள். லாகினிலிருந்து பணம் வெளியே போக ஒரு மாதம் வரை ஆகும் என்பதால் ஏப்ரலில் 12 லட்சம், மே மாதம் 30 லட்சம். இரண்டுக்கும் இன்சென்டிவ் இல்லை. ஜூனில் 48. ஜூலை பாதியில் ஆடி பிறக்கிறது. ஆடிப்பெருக்கு அன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் கூட்டம் நிற்குமே தவிர, மற்ற நாட்களில் பத்திரம் பதிகிறவர்களும் வாசல்கால் வைக்கிறவர்களும் குறைவு. ஜூலையில் 44, ஆகஸ்டில் 35. தள்ளிப்போட்டவர்கள் எல்லாம் ஆவணியில் வந்து செப்டம்பரில் 62. அக்டோபர் 51, நவம்பர் 61. டிசம்பரில் மார்கழி குறுக்கே வந்து 38, ஜனவரி 45. தை பிறந்த வேகத்தில் பிப்ரவரி 55, வருடக் கடைசி நெருக்கடியில் மார்ச் 72.

கூட்டிப் பார்த்தால் 553 லட்சம். வருட டார்கெட்டான 720-இல் 77 சதவீதம். முதல் வருட ஆளுக்கு இது கௌரவமான வேலை. இன்சென்டிவ் எவ்வளவு வந்தது? பாலிசிப்படி மாதம் மாதமாகப் போட்டால் 85,200 ரூபாய். கடிதத்தில் இருந்த 1,80,000-இல் 47 சதவீதம்! 77 சதவீத உழைப்புக்கு 47 சதவீதப் பணம். ஏப்ரல், மே, ஆகஸ்ட், டிசம்பர் ஆகிய நான்கு மாதத்தில் அவன் சேர்த்த 115 லட்சத்துக்குக் கம்பெனி ஒரு பைசா இன்சென்டிவ் கொடுக்கவில்லை. அந்தக் கடன்களுக்கான வட்டியை மட்டும் பதினைந்து இருபது வருடம் வாங்கிக்கொள்ளும். இதைச் சட்டவிரோதம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் டார்கெட்டில் ஆடியையும் மார்கழியையும் கணக்கில் எடுக்காத பாலிசி, இந்த ஊரைத் தெரிந்தவர்கள் எழுதியது இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

மாதச் சராசரி இன்சென்டிவ் 7,100. ஃபிக்ஸடோடு சேர்த்தால் கைக்கு 27,900. அதில் பெட்ரோலில் கைவிட்டுப் போகிற தொள்ளாயிரத்தையும் கழித்தால் 27,000. சொன்ன நாற்பதாயிரத்தின் உண்மை உருவம் இதுதான்.

இதே 553 லட்சத்துக்கு இன்னொரு பாலிசியைப் போட்டுப் பாருங்கள். வாசற்படி கிடையாது, ஸ்லாப் கிடையாது, எவ்வளவு செய்தாலும் 0.18 சதவீதம். விளம்பரத்தில் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் கைக்கு வருவது 99,540 ரூபாய். 0.35 வரை காட்டுகிற பாலிசியைவிட பதினான்காயிரம் அதிகம். எந்த சேல்ஸ் வேலையாக இருந்தாலும் உச்சியில் போட்டிருக்கும் சதவீதத்தைக் கடைசியாகப் பாருங்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். எந்த அளவுக்குக் கீழே பூஜ்ஜியம், ஸ்லாப் மாறும்போது கூடுதல் விகிதம் முழுத் தொகைக்கா மிச்சத்துக்கு மட்டுமா, கணக்கு மாதத்துக்கா காலாண்டுக்கா என்பவைதான் பணத்தைத் தீர்மானிக்கின்றன. காலாண்டுக் கணக்கு என்றால் மோசமான மாதத்தை நல்ல மாதம் தூக்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் பையனின் ஆண்டில் அது எதிராகத்தான் வேலை செய்யும். முதல் காலாண்டு மொத்தமும் போய்விடும். மற்ற மூன்றிலும் 100-ஐத் தொட முடியாமல் எல்லாம் 0.15-லேயே நிற்கும். செப்டம்பரும் நவம்பரும் மார்ச்சும் கொடுத்த நல்ல தொகை கரைந்து 69,450-தான் மிஞ்சும்.

டார்கெட் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்க வேண்டும். பெரும்பாலும் மேலிருந்து கிளைக்கு ஒரு தொகை வரும், மூன்று கோடி என்று வையுங்கள். கிளையில் ஐந்து ஆபீசர் என்றால் ஆளுக்கு 60. ஒருவர் போய்விட்டால்? பல கிளைகளில் காலி இடத்தின் டார்கெட்டையும் மீதி நால்வர் தலையில் ஏற்றிவிடுவார்கள். 60 என்பது 75 ஆகும், வாசற்படி 42-லிருந்து 52.5-க்கு ஏறும். மேலே போட்ட ஆண்டில் 52.5-ஐத் தாண்டியவை நான்கே மாதங்கள். இந்த வேலையில் ஆள் போவதும் வருவதும் அதிகம் என்பதால் இது எப்போதாவது நடக்கிற விஷயம் இல்லை. அதனால் கையெழுத்துப் போடும் முன், "இந்த இடம் ஏன் காலியாச்சு, எத்தனை மாசமா காலியா இருக்கு, அந்த டார்கெட் இப்போ யாருகிட்ட இருக்கு?" என்று கேட்கச் சொன்னேன். கேட்டதற்காக யாரும் வேலையைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டார்கள். விற்க வருகிறவன் கணக்குத் தெரிந்தவனாக இருப்பது நல்ல மேலாளருக்குப் பிடிக்கத்தான் செய்யும்.

நிஜமான தொகையை அறிய ஒரே வழி, அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேட்பது. காலையில் கிளைக் கூட்டம் முடிந்து ஆபீசர்கள் டீக்கடைக்கு வருவார்கள். "இன்சென்டிவ் நல்லா வருமா?" என்று கேட்டால், "உழைச்சா வரும்" என்பார்கள். அந்தப் பதிலால் பயன் இல்லை. "போன மூணு மாசமும் கணக்குல எவ்வளவு விழுந்துச்சு?" என்று கேளுங்கள். கிளையில் ஐந்து பேர் இருந்தால் நடுவில் இருக்கிற மூன்றாவது ஆளின் தொகைதான் உங்களுக்கு வேண்டியது. கம்பெனி அழைத்து வந்து காட்டுகிற முதல் ஆள் பெரும்பாலும் பல வருடம் அதே ஊரில் இருப்பவர். பில்டர்களும் பத்திர எழுத்தர்களும் அவரைத் தேடி ஃபைல் அனுப்புவார்கள். அந்தத் தொடர்பு உங்களுக்கு வேலையோடு கூட வராது. போன வருடம் இதே மாதம் இருந்த ஐந்து பேரில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஒருவர் இருவர்தான் என்றால், நீங்கள் கேள்விப்படுகிற தொகை தாக்குப்பிடித்தவர்களின் தொகை மட்டுமே.

கழிவுகள் தனி. கடன் வாங்கியவர் முதல் சில இ.எம்.ஐ.களில் ஒன்றைத் தவறவிட்டால் அந்த ஃபைலுக்குக் கொடுத்த இன்சென்டிவைத் திரும்பப் பிடிப்பார்கள். இதில் ஓரளவு நியாயம் உண்டு, பேப்பருக்காக ஆளைப் பிடிப்பதை இது தடுக்கும். பிடித்தம் எத்தனை மாதம் வரை என்பதுதான் முக்கியம். மூன்று மாதம் சரி, பன்னிரண்டு மாதம் என்றால் ஒரு வாடிக்கையாளரின் வேலையிழப்புக்கும் உடல்நலக் கேட்டுக்கும் ஆபீசர் பொறுப்பாகிறார். பதிவான அசல் பத்திரம் கைக்கு வரும்வரை பாதித் தொகையை நிறுத்தி வைப்பதும் உண்டு. எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதது காப்பீட்டு நிபந்தனை: இத்தனை சதவீத ஃபைல்களில் ஆயுள் காப்பீடும் சேர்த்து விற்றால்தான் முழு இன்சென்டிவ், இல்லையென்றால் அதில் எண்பது சதவீதம்தான் என்பார்கள். அந்தப் பிரீமியமும் பல நேரம் கடனிலேயே ஏறி, கொத்தனார் வேலை பார்க்கிற மனிதர் அதற்கும் சேர்த்து வட்டி கட்டுவார். உங்கள் பாலிசியில் இது இருந்தால், நீங்கள் தினமும் என்ன பேச வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

வேரியபிள் பங்கு எவ்வளவு இருக்கலாம்? இந்தக் கடிதத்தில் நாலு எண்பதில் ஒன்று எண்பது, அதாவது முப்பத்தேழரை சதவீதம். நான் பார்க்கிற அளவுகோல், முடிவில் எவ்வளவு விற்பவன் கையில் இருக்கிறது என்பது. கடைக்குச் சரக்கு எடுத்துப்போய் அங்கேயே ஆர்டர் வாங்குகிற வேலையில் பெரும்பகுதி அவன் கையில். வீட்டுக்கடனில் அப்படி இல்லை. கிரெடிட் மேனேஜர் வருமானத்தை ஏற்க வேண்டும், வக்கீல் பத்திரத்துக்கு ஒப்புதல் தர வேண்டும், என்ஜினியர் இடத்தைப் பார்த்து மதிப்புப் போட வேண்டும். மூவரில் யாரும் இவனுக்குக் கீழே வேலை செய்பவர்கள் இல்லை. மூவரின் சம்பளமும் இவன் டார்கெட்டோடு கட்டப்படவும் இல்லை. இப்படிப்பட்ட வேலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேரியபிளில் தொங்கினால் அது அதிகம் என்பேன்.

இன்னொரு அளவுகோல் இந்தத் துறைக்குள்ளேயே இருக்கிறது. சேல்ஸ் வேலையில் இருப்பவர் கடன் கேட்டு வந்தால் பல கம்பெனிகளின் கிரெடிட் ஆட்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? கடைசி ஆறு மாதம், சில இடங்களில் ஒரு வருடம், சம்பள ரசீதில் வந்த இன்சென்டிவைச் சராசரி போட்டு அதில் பாதியை மட்டும் வருமானமாக எடுப்பார்கள். ஃபிக்ஸடை முழுதாக எடுப்பார்கள். அதையே நம் குடும்பக் கணக்குக்கும் எடுத்துக்கொள்ளலாம். பையனுக்கு அப்படிப் போட்டால் 20,800-உம் 3,550-உம் சேர்ந்து 24,350. வாடகை, அம்மாவின் மருந்து, தங்கையின் காலேஜ் பீஸ், ஏற்கெனவே ஓடுகிற பைக் கடன், எல்லாம் இதற்குள் அடங்குமா என்று எழுதிப் பார்க்கச் சொன்னேன். இருபத்தோராயிரத்தில் அடங்கியது. அடங்கியிருக்காவிட்டால் போக வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

பேரம் பேச இடம் உண்டு. ஃபிக்ஸடை ஏற்றுவது கஷ்டம், அந்தப் பதவிக்கு மேலிடத்தில் வரம்பு போட்டிருப்பார்கள். கிளை மேலாளர் கையால் ஆவது முதல் மாதங்களின் டார்கெட். ஏப்ரலுக்கு டார்கெட் இல்லாமலும் மே மாதத்துக்குப் பாதியும் கேட்கச் சொன்னேன். மெயிலில் எழுதித் தரவும் கேட்கச் சொன்னேன், வாயால் சொல்கிற மேலாளர் ஜூனில் வேறு கிளைக்குப் போய்விடலாம். கொடுத்தார்கள். மே மாதத்தில் அவன் 30 லட்சம் செய்தால் அது இப்போது நூறு சதவீதம், பூஜ்ஜியத்துக்குப் பதில் 7,500 ரூபாய்.

கூடவே ஒரு வரியை அவனுக்கு அடிக்கோடு போட்டுக் காட்டினேன். இன்சென்டிவ் அந்தந்த மாதக் கணக்கு முடிந்து இரண்டு மாதம் கழித்துத்தான் சம்பளத்தோடு வரும், அன்றைக்கு ராஜினாமா கொடுக்காமல் வேலையில் இருப்பவருக்கு மட்டுமே வரும் என்று பாலிசியில் இருந்தது. மார்ச்சில் 72 லட்சம் செய்தால் கிடைக்கும் 18,000, மே மாதச் சம்பளத்தில்தான் விழும். வேறு வேலை கிடைத்தாலும் அந்தத் தொகை கணக்கில் ஏறிய பிறகே ராஜினாமா மெயிலை அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.